பின்பக்க லேபிளில் நெரிசல்: வாசகர் கேள்விகள்

கேள்வி: தரையில் படியும் உப்புக்கறையை நீக்கும் திரவம் தயாரிக்கிறோம், 500 மி.லி. பாட்டில். சட்ட விவரம், பயன்படுத்தும் முறை, எங்கள் பெருமை எல்லாம் பின்பக்கத்தில்தான் இருக்கின்றன. இடம் போதவில்லை, எழுத்தைச் சிறிதாக்கலாம் என்கிறார் டிசைனர். எதை வெட்டுவது?

எழுத்தைத் தொடாதீர்கள், முதலில் வாக்கியங்களைப் பிரியுங்கள். லேபிளில் உள்ள வரிகளை எல்லாம் வெறும் உரையாகத் தட்டச்சு செய்து மூன்று நிறத்தில் குறியுங்கள். சட்டம் கேட்பது சிவப்பு, வாங்கியவர் கையால் செய்யவேண்டியது நீலம், நீங்கள் சொல்ல ஆசைப்படுவது பச்சை. சிவப்பில் சொல்லை மாற்ற உங்களுக்கு உரிமை கிடையாது. அதை முதலில் வைத்து, மிஞ்சும் இடத்தை அளந்த பிறகே மற்ற இரண்டையும் எழுதவேண்டும். பெரும்பாலும் நடப்பது தலைகீழ்: பச்சை முதலில் பரந்து உட்கார்ந்துவிடும், சிவப்பு கடைசியில் ஓரத்தில் ஒடுங்கும்.

நெரிசலின் பெரும்பங்கு எங்கே என்று பார்த்தால், ஒரே வாக்கியத்தில் இரண்டு நிறம் கலந்திருக்கும். உங்களுடையது மாதிரியான லேபிள்களில் இப்படி எழுதுவார்கள்:

"எங்கள் மும்மடங்குச் செயல்திறனால் பிடிவாதமான கறைகளும் மறைந்துபோகும் வண்ணம், கையுறை அணிந்து, கறையின் மேல் தாராளமாக ஊற்றிச் சிறிது நேரம் ஊறவிட்டு, பின் தேய்த்துக் கழுவினால் பளிச்சிடும் தரையைப் பெறலாம்."

இதில் செய்யவேண்டியதை மட்டும் உருவி எடுங்கள்:

1. கையுறை அணியுங்கள்.
2. கறைமேல் ஒரு மூடி ஊற்றி 10 நிமிடம் விடுங்கள்.
3. தேய்த்து, தண்ணீரால் கழுவுங்கள்.

நீளம் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. "தாராளமாக", "சிறிது நேரம்" இரண்டும் போய் ஒரு மூடி, 10 நிமிடம் என்று வந்ததையும் கவனியுங்கள். இந்த எண்களை எழுதுபவர் ஊகிக்கக்கூடாது, தயாரிப்புப் பிரிவிடம் கேட்டு வாங்கவேண்டும் (நான் மேலே போட்டவை உதாரணத்துக்கு). "மும்மடங்குச் செயல்திறன்" முன்பக்கத்துக்குப் போகட்டும். பாட்டிலை ஏற்கெனவே வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனவரிடம் பின்பக்கத்தில் மறுபடியும் விற்க வேண்டியதில்லை.

கேள்வி: எச்சரிக்கைகளைத் தனிக் கட்டத்தில் வைப்பதா, செயல்முறையோடு சேர்ப்பதா?

கட்டத்தை உடைக்காதீர்கள். ரசாயனப் பொருள்களுக்கான ஐரோப்பிய விதியில், அபாயச் சின்னம், எச்சரிக்கைச் சொல், அபாய வாசகம், முன்னெச்சரிக்கை வாசகம் ஆகியவை லேபிளில் ஒன்றாகவே இருக்கவேண்டும். இடம் மிச்சமாகுமே என்று ஒன்றை மட்டும் பக்கவாட்டுக்குத் தள்ள முடியாது.

ஆனால் செய்யும் நேரத்தில் தேவைப்படும் ஓர் எச்சரிக்கையைச் செயல்முறையிலும் சேர்க்கலாம், அந்த வேலைக்கு முன்னால். அமிலம் கலந்த திரவம் ப்ளீச்சோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அதனால் "ப்ளீச்சுடன் கலக்காதீர்கள்" என்பது ஊற்றச் சொல்லும் வரிக்கு முன்னே வரவேண்டும். ஊற்றி முடித்தபின் படித்தால் என்ன பயன்? மற்ற எச்சரிக்கைகளை அங்கே திரும்பச் சொல்லாதீர்கள்.

கேள்வி: "இயற்கையைப் பாதிக்காதது" என்று எங்கள் பிராண்ட் வாசகம். அபாயச் சின்னத்துக்குப் பக்கத்தில் போடலாமா?

பக்கத்தில் மட்டும் அல்ல, எங்குமே யோசிக்கவேண்டும். அபாயமானது என்று வகைப்படுத்தப்பட்ட பொருளின் லேபிளில் "நச்சற்றது", "தீங்கற்றது" போன்ற வாசகங்களை மேற்சொன்ன ஐரோப்பிய விதி தடுக்கிறது. சட்டம் இல்லாத இடத்திலும், மேலே "தீங்கற்றது", கீழே "கண்ணுக்குக் கடும் சேதம்" என்றிருந்தால் படிப்பவர் இரண்டில் ஒன்றை நம்பமாட்டார். அது எதுவாக இருக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. தேய்க்கும் வேலை குறையும், கறை போகும் என்று பொருள் செய்வதைச் சொல்லுங்கள்.

கேள்வி: எழுத்து குறைந்தபட்சம் எத்தனை பாயின்ட் இருக்கவேண்டும்?

பாயின்ட் எண்ணை நம்பாதீர்கள். உணவுப்பொருள் லேபிளுக்கான ஐரோப்பிய விதி 1169/2011, ஆங்கிலச் சிறிய x எழுத்தின் உயரம் 1.2 மி.மீ. இருக்கவேண்டும் என்கிறது. மிகச் சிறிய பொதிக்கு 0.9 மி.மீ. போதும். அந்த 1.2 மி.மீ. வர ஏரியலில் சுமார் 6.6 பாயின்ட் போதும், டைம்ஸ் நியூ ரோமனில் 7.6 வரை போகவேண்டும். உங்கள் பொருளுக்கும் சந்தைக்கும் எந்த விதி என்று பார்த்து, ப்ரூஃபை நிஜ அளவில் அச்சிட்டு அளவுகோலால் அளந்துவிடுங்கள். இன்னொன்று: எழுத்தைப் பக்கவாட்டில் அமுக்கி ஒல்லியாக்கும் டிசைனர்களைக் கவனியுங்கள். உயரம் சரியாக இருக்கும், படிக்கத்தான் முடியாது.

கேள்வி: க்யூஆர் கோடு போட்டு எல்லாவற்றையும் இணையத்துக்கு மாற்றினால்?

பச்சையை மாற்றலாம், செயல்முறையின் வீடியோவையும் வைக்கலாம். சிவப்பு லேபிளிலேயே இருக்கட்டும். கண்ணில் திரவம் தெறித்தவர் போனைத் தேடமாட்டார்.

கேள்வி: அச்சகத்துக்கு அனுப்பும் முன் கடைசியாக என்ன பார்க்கவேண்டும்?

ப்ரூஃபை பாட்டிலில் சுற்றி ஒட்டுங்கள். திரையில் நேராகத் தெரியும் வரி, வளைவில் பாதி மறையும். பொருளை அறியாத ஒருவரிடம் கொடுத்து, எவ்வளவு ஊற்றவேண்டும், கண்ணில் பட்டால் என்ன செய்யவேண்டும் என்று இரண்டே கேள்வி கேளுங்கள். அவர் பாட்டிலைத் திருப்பித் திருப்பித் தேடினால் உரை இன்னும் நெரிசலாக இருக்கிறது. சட்டப் பிரிவு கையெழுத்திட்ட உரையைப் பிறகு யாரும் தொடக்கூடாது. வரி உடைவதைச் சரிசெய்கிறேன் என்று டிசைனர் ஒரு சொல்லை எடுத்தாலும் அது திரும்பக் கையெழுத்துக்குப் போகவேண்டும்.