உரைகல்லில் விழுந்த கோடு வழக்குக்குப் போதுமா?

கேள்வி: ஒன்றரை ஆண்டுக்கு முன் மகள் திருமணத்திற்காகப் புதுச்சேரி நகைக்கடை ஒன்றில் 32 கிராம் சங்கிலி வாங்கினோம். ரசீதில் 916 என்று இருக்கிறது. ஆறு மாதத்திற்கு முன் கொக்கி அறுந்ததால் பக்கத்துப் பத்தரிடம் பற்றவைத்தோம். சென்ற மாதம் கடலூரில் அடகு வைக்கப் போனபோது, மதிப்பீட்டாளர் கல்லில் உரசிப் பார்த்து 20 காரட்தான் என்று சொல்லிவிட்டார். சம்பந்தி வீட்டார் எதிரிலேயே தலைகுனிந்து நின்றேன். நகைக்கடையில் கேட்டால் "கொண்டு வாருங்கள், பார்த்து மாற்றித் தருகிறோம்" என்று அலட்சியமாகப் பேசுகிறார்கள். உருக்கிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும் என்று பத்தர் சொல்கிறார். நான் விடுவதாக இல்லை. வழக்குப் போடலாமா?
– வாசகி, கடலூர்

பதில்: முதலில், சங்கிலியை உருக்காதீர்கள். பத்தரிடம் மறுபடியும் கொடுக்கவே கொடுக்காதீர்கள். சம்பந்தி வீட்டார் எதிரில் நேர்ந்த அவமானமோ கடைக்காரர் பேசிய தொனியோ நுகர்வோர் ஆணையத்தின் முன் எடை பெறாது. உங்கள் கடிதத்தில் வழக்கின் போக்கைத் தீர்மானிக்கப்போவது, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரி: கொக்கி அறுந்து, வெளியில் பற்றவைக்கப்பட்டது என்பது.

மதிப்பீட்டாளர் எந்த இடத்தை உரசினார் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். சங்கிலியில் தேய்மானம் வெளியே தெரியக்கூடாது என்பதற்காகப் பெரும்பாலும் கொக்கியையோ அதை அடுத்த வளையத்தையோதான் உரசுவார்கள். பற்றவைப்பதற்குப் பயன்படும் பொடி, தங்கத்தைவிடக் குறைந்த சூட்டில் உருக வேண்டும் என்பதால் அதில் வேறு உலோகங்கள் கலந்திருக்கும். சாதாரணப் பட்டறைகளில் அதன் மாற்று, அதாவது தங்கத்தின் தூய்மை, நகையின் மாற்றைவிடக் குறைவாக இருப்பதும் உண்டு. அந்த இடத்தில் உரசினால் கல்லில் விழும் கோடு பத்தரின் பொடியைச் சொல்லுமே தவிர, கடைக்காரர் விற்ற தங்கத்தைச் சொல்லாது. எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

இரண்டாவது கேள்வி அந்தக் கோட்டைப் பற்றியது. கறுப்பு உரைகல்லில் நகையை ஒரு கோடு இழுத்து, அதன் அருகிலேயே மாற்று தெரிந்த ஊசியால் இன்னொரு கோடு இழுத்து, இரண்டின் நிறத்தையும் ஒப்பிட்டுச் சொல்வதே முறை. 22 காரட், அதாவது 916, என்றால் 24 பங்கில் 22 தங்கம், மீதி 2 பங்கு வெள்ளியோ செம்போ இரண்டுமோ. வெள்ளி மிகுந்தால் கோடு வெளிறும். செம்பு மிகுந்தால் சிவக்கும். ஆகவே செம்பு மிகுந்த ஊசிக்கு அருகில் வெள்ளி மிகுந்த 22 காரட் கோட்டை வைத்தால், மாற்றுக் குறைவாகத் தோன்ற வாய்ப்பு உண்டு. வெறும் நைட்ரிக் அமிலத் துளி செம்பு, பித்தளைக் கோட்டை அழிக்குமே தவிர, 20 காரட்டையும் 22 காரட்டையும் பிரித்துக் காட்டாது. அதற்கு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் அளவாகக் கலந்திருக்க வேண்டும். எந்த ஊசி, எந்த அமிலம் என்பதை மதிப்பீட்டாளர் எங்கும் எழுதி வைத்திருக்க மாட்டார். கோட்டையும் அப்போதே துடைத்திருப்பார். அவரைக் குறை சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. மாற்றைக் கூட்டிச் சொன்னால் கடன் கொடுத்தவருக்கு நட்டம், குறைத்துச் சொன்னால் யாருக்கும் நட்டமில்லை என்பதால், ஐயம் வரும்போது குறைத்துச் சொல்வது அவருடைய தொழிலின் இயல்பு. ஆனால் அப்படிச் சொன்ன வாய்வார்த்தையை நம்பி வழக்குத் தொடுக்க முடியாது.

இனி உருக்குவதைப் பற்றிச் சொல்கிறேன். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வந்த கட்சிக்காரர் ஒருவர், உங்களைப் போலவே கோபத்தோடு, வளையலை உருக்கி எடுத்த தங்கக் கட்டியையும் அதன் சோதனை அறிக்கையையும் கொண்டு வந்தார். மாற்றுக் குறைவு என்பது அறிக்கையில் தெளிவாக இருந்தது. ஆனால் அந்தக் கட்டி, ரசீதில் இருக்கும் வளையலிலிருந்துதான் வந்தது என்று சொல்ல அவரையும் உருக்கிய பத்தரையும் தவிர ஒருவரும் இல்லை. முத்திரையும் உருவமும் உருகிப் போய்விட்டன. "எங்கள் வளையலோடு வேறு என்ன சேர்த்து உருக்கினார்களோ" என்று கடைக்காரர் ஒரே வரியில் பதில் சொன்னார். அந்த வரியை எங்களால் தாண்ட முடியவில்லை. உண்மை என் கட்சிக்காரர் பக்கம் இருந்தது என்று நான் இன்றும் நம்புகிறேன், ஆனாலும் அவர் தோற்றார். இதே இழப்பு வேறு வழியிலும் நேரும். "பார்த்துத் தருகிறோம்" என்ற கடைக்காரரிடம் சீட்டு எதுவும் வாங்காமல் நகையைக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் உண்டு. ஐந்தாறு கடைகளில் உரசியும் அரம் போட்டும் பார்த்து, எடை ரசீதோடு ஒத்துப்போகாமல் செய்துகொண்டவர்களும் உண்டு.

ஆகவே இன்றே சங்கிலியை ஒரு பூதக்கண்ணாடியால் பாருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல், ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாகத் தரப்படும், ஆறு எழுத்து–எண் கொண்ட ஹெச்யுஐடி முத்திரை இல்லாமல், ஹால்மார்க் கட்டாயமாக்கப்பட்ட இடங்களில் நகை விற்கக்கூடாது. அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனமான பிஐஎஸ்-இன் BIS Care செயலியில் Verify HUID என்ற இடத்தில் இட்டால், பதிந்த கடை, சோதித்த மையம், மாற்று, நகையின் வகை ஆகியவை தெரியும். அந்த முத்திரை கொக்கியில்தான் இருந்தது, பத்தர் கொக்கியையே மாற்றிவிட்டார் என்றால், உங்கள் வழக்கு ஏறத்தாழ முடிந்துவிட்டது என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்.

முத்திரை இருந்தால், அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்திற்குச் சென்று, கொக்கியைத் தனியாகவும் நடு வளையங்கள் மூன்று நான்கைத் தனியாகவும் எக்ஸ்ரே கருவியில் சோதிக்கச் சொல்லுங்கள். அறிக்கையில் எடையும் ஹெச்யுஐடி எண்ணும் இடம்பெற வேண்டும். கொக்கி மட்டும் குறைவு, வளையங்கள் 916 என்று வந்தால், கடைக்காரர் மேல் உங்களுக்கு வழக்கே இல்லை. வளையங்களும் குறைவு என்று வந்தால் வழக்கு உண்டு. ஆனால் அந்தக் கருவியும் மேற்பரப்பைத்தான் படிக்கும். இறுதிச் சான்று, சிறு துண்டை வெட்டி ஈயத்தோடு புடமிட்டு எடை பார்க்கும் சோதனை. அதை நீங்களாகச் செய்துகொள்ளாமல், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 38-ஆம் பிரிவின்படி, ஆணையமே மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்திற்கு அனுப்புமாறு கேளுங்கள். நீங்கள் வசிக்கும் கடலூரிலேயே மனுச் செய்யலாம். இரண்டு ஆண்டுக் காலவரம்பைக் கடைக்காரர் தரப்பு ரசீது தேதியிலிருந்தே எண்ணும். அந்தக் கணக்கில் உங்களிடம் மிஞ்சியிருப்பது ஆறு மாதம்.

போராட்டத்தின் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். 20 காரட் என்பது ஆயிரத்துக்கு 833. 916-க்கும் அதற்கும் உள்ள வேறுபாடு 83. 32 கிராமில் அது சுமார் 2.66 கிராம் தூய தங்கம். ஹால்மார்க் நகையில் மாற்றுக் குறைந்தால், குறைந்த மதிப்பைப் போல இருமடங்கும் சோதனைக் கட்டணமும் தர வேண்டும் என்பது 2018-ஆம் ஆண்டு பிஐஎஸ் விதிகளின் 49-ஆம் விதி. அதாவது, மதிப்பீட்டாளர் சொன்னது முழுவதும் உண்மையானாலும் நீங்கள் பெறுவது ஐந்தேகால் கிராம் அளவுக்கான தொகை. மன உளைச்சலுக்கென்று ஆணையம் வழங்கக்கூடியது அதன் மேல் ஒரு சிறு தொகை.

கொக்கி வெளியில் பற்றவைக்கப்பட்ட நிலையில், கடைக்காரரின் "மாற்றித் தருகிறோம்" என்ற சொல்லை நான் அலட்சியமாக எண்ண மாட்டேன். உங்கள் இடத்தில் இருந்தால் சமரசத்திற்கே போவேன். மைய அறிக்கையின் நகலைக் கொடுத்து, இன்றைய விலையில் முழு 916 மதிப்புக்கு, கழிவும் செய்கூலியும் பிடிக்காமல், புதிய ஹால்மார்க் சங்கிலியாக மாற்றித் தரக் கேளுங்கள். ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்குங்கள். சங்கிலியைக் கையை விட்டுக் கொடுக்கும்போது எடை, ஹெச்யுஐடி எண், "மாற்றித் தருவதற்காகப் பெறப்பட்டது" என்ற வாசகம் மூன்றும் கடையின் முத்திரையோடு உள்ள சீட்டு உங்கள் கையில் இருக்க வேண்டும். சீட்டுத் தர மறுத்தால் சங்கிலியோடு திரும்பி வந்து, ரசீதையும் மைய அறிக்கையையும் எடுத்துக்கொண்டு அந்த வாரத்திலேயே வழக்கறிஞரைப் பாருங்கள்.