படக்குறிப்பில் யார் பெயர் போடலாம்? செய்தி மடல் தயாரிப்பவர்களின் கேள்விகள்

சேலத்திலும் ஏற்காட்டிலும் குடியிருப்போர் சங்க மடல் தயாரிக்கும் நண்பர்கள் கேட்டவை இவை. நான் 16 ஆண்டுகளாக எங்கள் பகுதி மடலைத் தொகுத்து வருகிறேன். உதாரணங்களில் பெயர்களுக்குப் பதிலாக எழுத்துகளைத்தான் போட்டிருக்கிறேன்.

“அக்கா, ஏற்காடு ஏரிக்கரையில குப்பை அள்ளின அன்னைக்கு எடுத்த படம். 9 பேர் வரிசையா நிக்கிறாங்க. 5 பேர் பேர் போடச் சொன்னாங்க. 4 பேர் படம் மட்டும் போதும், பேர் வேணாம்னாங்க. எப்படி எழுதுறது?” (அம்மாபேட்டை)

முதலில் ‘இடமிருந்து வலம்’ என்ற இரண்டு சொல்லையும் எடுத்துவிடுங்கள். அது போட்டால் ஒவ்வொரு தலைக்கும் ஒரு பெயர் வந்தாக வேண்டும். ‘க., ச., —, ம.’ என்று நடுவில் கோடு போட்டால் வாசகர் கண் நேராக அந்த மூன்றாவது முகத்துக்குத்தான் போகும். மறைக்க நினைத்தவரை நாமே விரல் நீட்டிக் காட்டியதாகிவிடும்.

நான் இப்படி எழுதுவேன்: “ஏற்காடு ஏரிக்கரையைச் சுத்தம் செய்தவர்கள். க., ச., ம., ர., வ. உள்ளிட்டோர் பங்கேற்றனர்.” பெயர்கள் அகர வரிசையில் இருப்பதைப் பாருங்கள். நிற்கும் வரிசைப்படி எழுதினால், ‘இடமிருந்து’ என்று போடாவிட்டாலும் படத்தோடு பொருத்திப் பார்ப்பவருக்கு யார் யார் என்று தெரிந்துவிடும். ‘உள்ளிட்ட 9 பேர்’ என்று எண்ணும் போட வேண்டாம்.

அந்த ஐவரில் ஒருவர் தன் முகமும் பெயரும் சேர்ந்து தெரியவேண்டும் என்றால், அவர் செய்யும் வேலையைச் சொல்லிக் காட்டலாம். ‘மண்வெட்டியுடன் இருப்பவர் க.’ என்றால் பக்கத்தில் நிற்பவரைத் தொடவே இல்லை. ஆனால் 9 பேரில் 8 பேருக்கு இப்படி அடையாளம் சொன்னால் மிச்சமிருப்பவர் தானாக வெளிப்படுவார். அந்த நிலை வந்தால் வேறு படம் தேடுங்கள். சம்மதித்தவர்கள் மட்டும் இருக்கும் ஒரு படத்தை அன்றைக்கே தனியாக எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று, இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு இதழில் 7 பேர் படம். 6 பேர் பெயரோடு ‘உள்ளிட்டோர்’ என்று சரியாகத்தான் போட்டேன். 3-ஆம் பக்கத்தில் நிகழ்ச்சி அறிக்கை. அதில் வருகைப் பதிவேட்டைப் பார்த்து 7 பெயரையும் வேறொருவர் எழுதியிருந்தார். நான் இரண்டையும் சேர்த்து வாசிக்கவில்லை. பெயர் வேண்டாம் என்று சொன்ன பெண்ணைப் புகுந்த வீட்டார் தேடிக்கொண்டிருந்தார்கள். கழித்துப் பார்க்க அவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அவர் அந்த மாதமே வீடு மாற்றிக்கொண்டு போனார். அன்றிலிருந்து படக்குறிப்பை முடித்ததும் அந்த நிகழ்ச்சி பற்றி மடலில் எங்கெங்கே எழுதியிருக்கிறது என்று எடுத்து, பெயர்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்புகிறேன்.

“பெயர் வெளியிட விரும்பாதவர்னு போட்டா அதுதானே நேர்மை? இல்லைன்னா முகத்தை மங்கலாக்கிடலாமே?” (ஓய்வுபெற்ற ஆசிரியர், சூரமங்கலம்)

பெயரை விட்டதை மூடி மறைக்கக்கூடாது என்று நினைக்கிறீர்களே ஐயா, அது சரி. ‘உள்ளிட்டோர்’ என்ற சொல் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. இன்னும் சிலர் இருக்கிறார்கள் என்று சொல்கிறது, யார் என்று சொல்வதில்லை. ‘விரும்பாதவர்’ என்று போட்டால் ஏன் விரும்பவில்லை என்று தெருவே பேசும்.

மங்கலாக்குவது வேறு விஷயம். இவர்கள் முகம் வர ஒத்துக்கொண்டவர்கள். நடுவில் ஒரு முகத்தை அழித்தால் ஏதோ குற்றம் செய்தவர் மாதிரி தெரியும். முகமே வேண்டாம் என்பவரைப் படத்திலிருந்து வெட்டிவிடுங்கள், அல்லது அந்தப் படத்தையே விடுங்கள்.

“காபிப் பழம் பறிக்கிற படம் எடுத்தோம். மேஸ்திரியே எல்லார் பேரையும் எழுதிக் குடுத்து ‘போட்டுக்கங்க’ன்னுட்டார். போதும்ல?” (ஏற்காடு)

போதாது தம்பி. கூலி கொடுப்பவரோ வேலை பிரித்துக் கொடுப்பவரோ எதிரில் நிற்கும்போது ‘வேணாம்’ என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? பழம் எடை போட்டு முடித்த பிறகு ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள். மூன்றே கேள்வி: படம் வரலாமா, பெயர் வரலாமா, அச்சில் மட்டுமா வாட்ஸப்பிலுமா. படத்துக்குச் சரி என்றவர் பெயருக்கும் சரி என்றதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பெயரை எப்படிப் போடவேண்டும் என்பதையும் அவர்களே சொல்லட்டும். இனிஷியலோடா, இல்லாமலா, ஊர்ப் பெயர் சேர்க்கலாமா என்று கேட்டு, சொன்ன மாதிரியே எழுதி, திரும்பப் படித்துக் காட்டுங்கள். ‘இன்னார் மனைவி’, ‘இன்னார் மகள்’ என்று எழுதினால் பெயரை விட்டும் பிரயோசனமில்லை. மலைக்கிராமத்தில் அதுதான் பெயரைவிடச் சுருக்கமான விலாசம்.

“என் மகன்தான் கோடை விழா மலர்க் கண்காட்சியில படம் எடுத்துக் குடுத்தான். அவன் பேரே இல்லாம வந்துச்சு. சம்மதம் கேக்கலைன்னு விட்டீங்களா?” (ஏற்காடு)

அம்மா, நாங்கள் பேசிக்கொண்டிருப்பது படத்தில் நிற்பவர்களைப் பற்றி. உங்கள் மகன் விஷயம் வேறு. படத்தை எடுத்தவர்தான் அதன் ஆசிரியர் என்று 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் சொல்கிறது. தன் பெயரைக் கேட்டு வாங்கும் உரிமையும் அவருக்கு உண்டு. ‘படம்:’ என்று போட்டு அவர் பெயர் வந்திருக்க வேண்டும், விட்டது தவறு. தன் பெயர் வேண்டாம் என்று அவரே சொல்லியிருந்தால் ‘படம்: சங்க உறுப்பினர்’ போதும்.

“எட்டாவது படிக்கிற பொண்ணு, தானே வந்து ‘என் பேரைப் போடுங்க ஆன்ட்டி’ங்கிறா.” (குகை)

அப்பா அம்மாவிடம் கேளுங்கள். 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்கூட 18 வயதுக்குக் கீழே பெற்றோர் சம்மதம்தான் கேட்கிறது. அவர்கள் சரி என்றாலும் பள்ளியையும் வகுப்பையும் விட்டுவிடுங்கள்.

“நான் தாராளமா போடச் சொன்னேன். ஆனா நீங்க சொல்ற ‘உள்ளிட்டோர்’ல என்னையும் சேர்த்துட்டாங்க. அன்னைக்கு பூரா குனிஞ்சு வேலை செஞ்சது நானு.” (செவ்வாய்ப்பேட்டை)

உங்கள் வருத்தம் நியாயமானது. ‘உள்ளிட்டோர்’ சோம்பலுக்கு வசதியாகிவிடக்கூடாது. சம்மதித்தவர் ஒவ்வொருவர் பெயரும் வந்தாக வேண்டும். இடமில்லை என்றால் படத்தைச் சிறிதாக்கலாம், பெயரை வெட்டக்கூடாது. அடுத்த இதழில் திருத்தம் போடச் சொல்லிக் கேளுங்கள்.

“பி.டி.எஃப்.ல எடுக்காம விட்டுப்போன பேர் ஏதாவது இருக்கான்னு தேடிப் பார்த்தேன். ஒண்ணும் வரலை. அனுப்பிடலாமா?” (அஸ்தம்பட்டி)

எந்த எழுத்துருவில் தட்டச்சு செய்தீர்கள்? பாமினி மாதிரிப் பழைய எழுத்துரு என்றால் Ctrl+F-இல் யூனிகோட் தமிழில் தேடினால் எதுவும் சிக்காது. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. அதனால் கண்ணால் படிப்பதுதான் வழி. படத்துக்குள்ளும் பாருங்கள்: சட்டையில் குத்திய பெயர் அட்டை, பின்னால் இருக்கும் பேனர், வண்டி எண். படக்கோப்புக்கே ஆள் பெயர் வைத்து அனுப்பும் பழக்கமும் இருக்கிறது. அதை மாற்றி `erikkarai_01.jpg` என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“அச்சடிச்சு 300 பிரதி வீடு வீடா போயாச்சு. இப்ப ஒருத்தர் ‘என் பேரை எடுத்துடுங்க’ங்கிறார். சம்மதம் எழுதிக் குடுத்தவர்தான்.” (அம்மாபேட்டை)

மிச்சப் பிரதிகளை நிறுத்துங்கள். பி.டி.எஃப்.பைத் திருத்தி மாற்றிப் போடுங்கள், பழையதை வாட்ஸப் குழுவிலிருந்து நீக்குங்கள். கொடுத்த வீடுகளுக்குப் போய்த் திரும்ப வாங்கலாமா என்பதில் எங்கள் குழுவிலேயே இரண்டு கட்சி. திரும்பக் கேட்டால் யாருக்காக என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்கிறார் ஒருவர். ஆபத்து இருக்கும்போது அதைப் பார்க்க முடியாது என்கிறார் இன்னொருவர். நான் அவரிடமே கேட்டு, அவர் சொல்கிறபடி செய்வேன்.