இறுதிச் செலவு: எவ்வளவு, எங்கே, யார் கையில்?

அம்மாவின் சேமிப்புக் கணக்கில் தாராளமாகப் பணம் இருக்கிறது. ஏ.டி.எம். அட்டையும் என்னிடம்தான். பிறகு அவருடைய இறுதிச் சடங்குச் செலவுக்கென்று எதற்குத் தனியாக ஒதுக்கி வைக்க வேண்டும்?

பணம் இருப்பது உண்மைதான், ஆனால் அது வேண்டிய நாளில் உங்கள் கைக்கு வராது. அம்மா காலமான நிமிடத்திலிருந்து அந்தப் பணத்தில் வாரிசுகள் எல்லோருக்கும் உரிமை உண்டு. தகவல் தெரிந்ததும் வங்கி கணக்கை நிறுத்திவைக்கும். இறப்புச் சான்றிதழையும் வாரிசு அல்லது நியமனதாரருக்கான ஆவணங்களையும் பார்த்த பிறகுதான் பணத்தை விடுவிக்கும். அதற்குள் வாரங்கள் ஓடிவிடும். உடன்பிறந்தவர்களுக்குள் தகராறு என்றால் மாதங்களே ஆகலாம். அம்மா எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரம் இருக்கிறதே என்று சிலர் நம்பியிருப்பார்கள். எழுதிக் கொடுத்தவர் இறந்ததும் அதுவும் செல்லாது. ஆயுள் காப்பீட்டுத் தொகையும் இறப்புச் சான்றிதழைக் கொடுத்த பிறகுதான் வரும்.

அட்டையைப் போட்டு எடுத்துவிடலாம் என்று தோன்றும். நல்ல எண்ணத்தில் எடுத்தாலும், இறந்தவரின் கணக்கில் கைவைத்ததாகப் பிற்பாடு கேள்வி வரும். சட்டச் சிக்கலும் ஆகலாம்.

செலவோ காத்திருக்காது. வண்டி, தகனம் அல்லது அடக்கத்துக்கான கட்டணம், சடங்கு நடத்துபவருக்கான தொகை, வந்தவர்களுக்கான சாப்பாடு என்று பெரும்பகுதி முதல் இரண்டு நாளிலேயே போய்விடும், அதுவும் பெரும்பாலும் ரொக்கமாக. ஒதுக்கி வைக்கும் தொகை இந்த இடைவெளிக்காகத்தான். மொத்தச் செலவையும் அதில் அடைக்க வேண்டியதில்லை.

அம்மா நலமாக இருக்கும்போதே கணக்கைக் கூட்டுக் கணக்காக மாற்ற முடியுமா என்று பாருங்கள். ஒருவர் இறந்தாலும் மற்றவர் இயக்கலாம் என்ற ஏற்பாடு அதில் எழுத்தில் இருக்கிறதா என்பதை வங்கியில் கேட்டு உறுதிசெய்யுங்கள். வெறுமனே கூட்டுப் பெயர் இருந்தால் போதாது.

எவ்வளவு ஒதுக்குவது? தோராயமாகக்கூடப் பிடிபடவில்லை.

தொகையாக யோசிக்காமல், உங்கள் வீட்டின் ஒரு மாதச் செலவை அளவுகோலாக வையுங்கள். எல்லாச் செலவையும் மூன்று கட்டமாகப் பிரியுங்கள்: முதல் இரண்டு நாள், அதன்பின் வரும் சடங்கு நாட்கள், ஓராண்டு நிறைவுவரை வருபவை.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். விசாரித்துப் பார்த்ததில் முதல் கட்டத்துக்கு 1 மாதச் செலவும், இரண்டாவதுக்கு 1½ மாதச் செலவும், மூன்றாவதுக்கு அரை மாதச் செலவும் ஆகும் என்று தெரிகிறது. மொத்தம் 3 மாதச் செலவு. முதல் கட்டம் முழுவதும் கையில் இருந்தாக வேண்டும். இரண்டாவதில் பாதி இருந்தால் போதும், மீதியைச் சம்பளத்திலோ பங்கு போட்டோ சமாளிக்கலாம். மூன்றாவதைச் சேர்த்துக்கொள்ளக் காலம் இருக்கிறது. ஆக 1¾ மாதச் செலவு வருகிறது. 2 என்று வைத்துக்கொள்ளலாம். மாதாமாதம் வீட்டுச் செலவில் பன்னிரண்டில் ஒரு பங்கை எடுத்துவைத்தால் 24 மாதத்தில் சேர்ந்துவிடும்.

கணக்கு தவறுவது பெரும்பாலும் இரண்டாவது கட்டத்தில்தான். முதல் கட்டத்தில் உள்ளவை ஏறக்குறைய நிலையான கட்டணங்கள். அடுத்தது ஆள்கணக்கைப் பொறுத்தது. அழைப்புப் பட்டியல் நீண்டால் பந்தல், பந்தி, தங்கும் இடம் எல்லாமே சேர்ந்து நீளும். எத்தனை பேர் என்று இப்போதே ஒரு வரம்பை எழுதிவைத்தால் துக்க நேரத்தில் "இதையும் செய்துவிடலாமே" என்பவர்களுக்குப் பதில் சொல்ல வசதியாக இருக்கும்.

மருத்துவமனையின் கடைசி பில்லையும், வெளியூரிலிருந்து உடலைக் கொண்டுவரும் செலவையும் இதில் கலக்காதீர்கள். அவற்றின் அளவை முன்கூட்டி ஊகிக்க முடியாது. அதற்கு மருத்துவ ஒதுக்கீடு தனியாக இருக்கட்டும்.

நாங்கள் மூன்று பேர். கடைசியில் யார் எவ்வளவு போட்டார்கள் என்பதில் மனக்கசப்பு வருமோ என்று பயம்.

ஒருவர் பணம் கொடுக்கட்டும், இன்னொருவர் குறித்து வைக்கட்டும். இரண்டையும் ஒரே ஆள் செய்யும்போதுதான் சந்தேகம் முளைக்கிறது. உறவினர் யாராவது பணம் தந்தால், அது உதவியா கைமாற்றா என்று அன்றே பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். பெரும்பாலான நாடுகளின் சட்டப்படி, நியாயமான இறுதிச் சடங்குச் செலவை இறந்தவரின் சொத்திலிருந்து எடுத்த பிறகே வாரிசுகளுக்குப் பங்கு பிரிப்பார்கள். கையிலிருந்து போட்டவர் திரும்பப் பெற வழி இருக்கிறது, ஆனால் ஆதாரம் வேண்டும். ஆடம்பரமாகச் செய்த விருந்தெல்லாம் 'நியாயமான' என்பதற்குள் வராமல் போகலாம்.

ஒதுக்கிய பணத்தை எங்கே வைப்பது? வைப்பு நிதியில் போட்டால் வட்டியாவது வருமே.

முதல் கட்டத்துக்கான தொகைக்கு வட்டியைப் பார்க்காதீர்கள். உடனே எடுக்கக்கூடிய சேமிப்புக் கணக்கு போதும். யாருக்காகச் சேர்க்கிறோமோ அவர் பெயரில் மட்டும் இருக்கக் கூடாது. அதை இயக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேராவது இருக்கட்டும், ஒருவர் வெளியூரில் இருக்கும் நாளிலேயே தேவை வரலாம். மீதியைக் குறுகிய கால வைப்பில் போடுங்கள், முன்கூட்டி முறித்தால் என்ன பிடித்தம் என்று கேட்டுக்கொண்டு. ஆண்டுக்கு ஒருமுறை விலைவாசியைப் பார்த்துத் தொகையைச் சரிசெய்தால் போதும்.