மச்சினன் கைக்குப் போகும் மெயின்டனன்ஸ் பணம்

கேள்வி: மும்பை அருகே டோம்பிவிலியில் என் பெயரில் ஒரு ஃபிளாட் இருக்கிறது. நான் கோவையில் வேலை பார்க்கிறேன். வீட்டில் மனைவியின் தம்பி குடும்பத்தோடு இருக்கிறான், வாடகை வாங்குவதில்லை. பில் அங்கேதான் வரும் என்பதால் மாதம் 4,500 ரூபாயை அவன் கணக்குக்கு அனுப்புவேன். போன வாரம் சொசைட்டி அனுப்பிய பட்டியலைப் பார்த்தால் டிஃபால்ட்டர் லிஸ்ட்டில் என் பெயர், பாக்கி 1,30,000 ரூபாய். இரண்டு வருடமாக அவன் கட்டவே இல்லை. பிள்ளைகள் ஃபீஸுக்கு எடுத்துவிட்டானாம், இனி மாதம் 3,000 ரூபாயாகக் கட்டித் தீர்ப்பதாகச் சொல்கிறான். வங்கி 16 சதவீதத்தில் பர்சனல் லோன் தருகிறது. 7 சதவீத எஃப்.டி. 2 லட்சம் இருக்கிறது. ஸ்மால் கேப் ஃபண்டில் மாதம் 8,000 எஸ்.ஐ.பி. போகிறது. ஃபண்ட் நல்ல லாபம் தரும்போது பாக்கியை மெதுவாகக் கட்டலாமே என்கிறார் நண்பர். கேட்காமலே சிங்கிங் ஃபண்ட் பிடித்திருக்கிறார்கள், வாடகையே தராமல் இருப்பவனுக்கு, உரிமையாளர் குடியிருக்கவில்லை என்று நான்-ஆக்குபன்சி சார்ஜும் போட்டிருக்கிறார்கள். இதையெல்லாம் சரிசெய்யும் வரை ஒரு பைசாவும் கட்டக்கூடாது என்று நினைக்கிறேன். சரிதானே?

பதில்: சரியில்லை. அதோடு, உங்கள் பெரிய பிரச்சினை சிங்கிங் ஃபண்டும் இல்லை, நான்-ஆக்குபன்சி சார்ஜும் இல்லை. சொசைட்டிக்குப் போக வேண்டிய பணத்தை இன்னொருவர் கணக்கு வழியாக அனுப்புகிறீர்களே, அந்தப் பழக்கம்தான். இந்த மாதமும் அனுப்பிவிட்டீர்களா? அனுப்பவில்லை என்றால் அனுப்பாதீர்கள். சொசைட்டிக்கு உறுப்பினர் என்றால் நீங்கள்தான். வீட்டில் யார் இருக்கிறார், யாரிடம் பணம் கொடுத்தீர்கள் என்பதெல்லாம் உங்கள் குடும்பக் கணக்கு. மச்சினனுக்கு அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினாலும் ஒரு ரூபாய் குறையாது.

நீங்கள் அனுப்பியிருக்கும் பட்டியலின்படி மாதத்துக்கு சர்வீஸ் சார்ஜ் 2,000, சொத்து வரி 700, தண்ணீர் 400, ரிப்பேர் ஃபண்ட் 750, சிங்கிங் ஃபண்ட் 250, பார்க்கிங் 200, நான்-ஆக்குபன்சி 200. ஆக 4,500. மூன்று மாதத்துக்கு ஒரு பில், 13,500. எட்டு பில் கட்டவில்லை என்றால் அசல் 1,08,000. மீதி 22,000 வட்டி.

முதலில் சிங்கிங் ஃபண்ட். மகாராஷ்டிரா வீட்டுவசதி கூட்டுறவுச் சங்கங்களுக்கான மாதிரி துணைவிதியில், ஃபிளாட்டின் கட்டுமானச் செலவில் வருடத்துக்குக் குறைந்தது 0.25 சதவீதம் சிங்கிங் ஃபண்டுக்கும், 0.75 சதவீதம் ரிப்பேர் ஃபண்டுக்கும் வாங்கச் சொல்லியிருக்கிறது. உங்களிடம் வருடத்துக்கு 3,000, 9,000 வாங்குகிறார்கள். கட்டுமானச் செலவை 12 லட்சம் என்று வைத்தால் இரண்டும் கச்சிதமாக வருகிறது. தவறு ஒன்றும் இல்லை. கட்டடத்தின் பெரிய பழுதுக்கும் மறுகட்டுமானத்துக்குமான பணம் அது. உங்கள் ஒருவர் சம்மதம் அதற்குத் தேவையில்லை, திருப்பியும் தர மாட்டார்கள். கேட்பதென்றால், ஆடிட் செய்த பேலன்ஸ் ஷீட்டில் சிங்கிங் ஃபண்ட் என்று காட்டியிருக்கும் தொகைக்கு ஈடாகத் தனி டெபாசிட் இருக்கிறதா என்று கேளுங்கள். பல சொசைட்டிகளில் அந்தப் பணம் வாட்ச்மேன் சம்பளத்தில் கரைந்திருக்கும். அது கேட்கவேண்டிய கேள்விதான், ஆனால் பில்லைக் கட்டாமல் இருக்க அது காரணம் ஆகாது.

நான்-ஆக்குபன்சி சார்ஜ் விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. வெளியாளுக்கு வீட்டை விட்டால் சர்வீஸ் சார்ஜில் 10 சதவீதம் வரை வாங்கலாம். 2,000-க்கு 200, அந்தக் கணக்கு சரி. ஆனால் குடும்பத்தினர் இருந்தால் வாங்கக்கூடாது, மாதிரி துணைவிதி சொல்லும் குடும்பத்தில் மைத்துனரும் அடக்கம். உங்கள் சொசைட்டி பதிவு செய்திருக்கும் துணைவிதியிலும் அதே வாசகம் இருக்கிறதா என்று ஒரு பிரதி வாங்கிப் பாருங்கள். இருந்தால், குடியிருப்பவர் மனைவியின் தம்பி, வாடகை வாங்கவில்லை என்று எழுதிக் கொடுத்து, உறவுக்கு ஆதாரமும் வையுங்கள். நீங்கள் இதுவரை சொல்லாததால் அவரை வாடகைக்காரர் என்றே எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

இப்போது வட்டி. பட்டியலில் 21 சதவீதம் போட்டிருக்கிறது. மாதிரி துணைவிதியில் அதுதான் உச்சவரம்பு, பொதுக்குழு தீர்மானித்திருக்க வேண்டும். அதைவிட முக்கியம், அது தனிவட்டி. உங்கள் பட்டியலில் 'முந்தைய பாக்கி' என்று ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது, பாருங்கள். ஒவ்வொரு காலாண்டும் வட்டியை அதிலேயே சேர்த்து, அடுத்த காலாண்டில் மொத்தத்துக்கும் 21 சதவீதம் போட்டிருக்கிறார்கள். நான் போட்டுப் பார்த்தேன், வட்டிக்கு வட்டி சேர்த்தால்தான் 1,30,000 வருகிறது. அசல் பாக்கிக்கு ஒரு கட்டம், வட்டி பாக்கிக்கு ஒரு கட்டம் என்று தனித்தனியாக இருக்கவேண்டும். உங்கள் சொசைட்டியின் கணக்கு மென்பொருளில் இந்தத் தவறு இருந்தால் லிஸ்ட்டில் உள்ள அத்தனை பேருக்கும் அதே தவறு நடந்திருக்கும்.

சரியான தொகை எவ்வளவு? நான்-ஆக்குபன்சியை எடுத்துவிட்டால் காலாண்டுக்கு 12,900, எட்டு பில்லுக்கு 1,03,200. முதல் பில் ஏழு காலாண்டு பாக்கி நின்றது, கடைசி பில் இப்போதுதான் வந்தது. சராசரியாக ஒவ்வொன்றும் மூன்றரை காலாண்டு. காலாண்டுக்கு 5.25 சதவீதம் என்றால் வட்டி சுமார் 19,000. ஆக மொத்தம் 1,22,000 பக்கம். அவர்கள் கேட்பதற்கும் இதற்கும் வித்தியாசம் 8,000.

இந்த 8,000 ரூபாய்க்காக ஒரு பைசாவும் கட்ட மாட்டேன் என்கிறீர்கள். 1,03,200 அசலுக்கு 21 சதவீதம் என்றால் மாதம் 1,800 வட்டி. கடிதம் போட்டு, பதில் வந்து, கமிட்டி கூடி முடிவெடுக்க நான்கைந்து மாதம் ஆனால், ஜெயித்தாலும் அந்த 8,000 வட்டியிலேயே போயிருக்கும். அதனால் 1,22,000 ரூபாயை இந்த வாரமே நீங்களே நேரடியாக சொசைட்டி வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். கூடவே மேலே உள்ள கணக்கை எழுதி, மீதியை ஏன் ஏற்கவில்லை என்று செயலாளருக்கு ஈமெயிலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். சீக்கிரம் வீட்டை விற்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் முழு 1,30,000-ஐயும் ஆட்சேபத்துடன் கட்டுவதாக எழுதிக் கட்டிவிடுங்கள். வாங்குபவர் பாக்கி இல்லை என்ற கடிதம் கேட்பார், 8,000 ரூபாய்க்காக விற்பனை நிற்கக்கூடாது.

பட்டியலில் பெயர் வந்த அவமானம் உங்களை வாட்டுவது கடிதத்தில் தெரிகிறது. ஆனால் நோட்டீஸ் போர்டோடு இது நிற்காது. மூன்று மாதத்துக்கு மேல் பாக்கி வைத்தாலே மகாராஷ்டிரா சட்டத்தில் டிஃபால்ட்டர்தான். கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் 154B-29 பிரிவின்படி சொசைட்டி பதிவாளரிடம் போய் வசூல் சான்றிதழ் வாங்கினால், நிலவரி பாக்கியை வசூலிப்பதுபோல ஜப்தி வரை போகலாம்.

பணம் எங்கிருந்து? பர்சனல் லோனை மறந்துவிடுங்கள். 21 எங்கே, 16 எங்கே, 5 சதவீதம் லாபம் என்று வங்கி சொல்லும். ஆனால் சொசைட்டி வட்டி ஓடுவது 1,03,200-க்கு மட்டும், வருடத்துக்கு 21,700. லோன் வட்டி முழு 1,22,000-க்கும் ஓடும், முதல் வருடம் குறைக்காமல் வைத்தால் 19,500. மிச்சம் 2,200. பிராசசிங் கட்டணம் 2 சதவீதம் என்றால் அதுவும் காலி. எஃப்.டி.யை உடைத்தால் நீங்கள் இழப்பது வருடத்துக்கு 8,500, நிறுத்துவது 21,700. முன்கூட்டியே எடுப்பதற்குக் கொஞ்சம் அபராதம் பிடிப்பார்கள், பரவாயில்லை.

எஃப்.டி. அவசரத்துக்கு வைத்தது என்பீர்கள். சரி, அதை நிரப்ப எஸ்.ஐ.பி.யைப் பதினைந்து மாதம் நிறுத்தி அந்த 8,000-ஐ டெபாசிட்டில் போடுங்கள். உங்கள் நண்பர் சொல்லும் ஸ்மால் கேப் லாபம் போன வருடத்தினுடையது. அடுத்த வருடம் அது தரும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை, சொசைட்டியின் 21 சதவீதமோ எழுதி வைத்த கடன். இந்த இரண்டையும் ஒன்றுக்கொன்று கழித்துப் பார்ப்பதைக் கேட்டாலே எனக்குப் பொறுமை போகிறது.

அடுத்து, உங்கள் மச்சினன் சொல்லும் மாதம் 3,000. நடப்பு மாதச் செலவே 4,300, பழைய பாக்கியின் வட்டி 1,800, ஆக 6,100 கட்டினால்தான் பாக்கி இருந்த இடத்தில் நிற்கும். 3,000 கட்டினால் மாதம் 3,100 கூடிக்கொண்டே போகும். பகுதிப் பணம் வந்தால் முதலில் வட்டிக்குத்தான் எடுப்பார்கள், அசல் அசையாது. அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை, கணக்குப் போடாமல் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

பிள்ளைகள் ஃபீஸுக்கு எடுத்தது மனம் உறுத்தும் காரணம்தான், அதனால்தான் நீங்களும் கேட்கத் தயங்குகிறீர்கள். மனைவியோடு உட்கார்ந்து பேசுங்கள். அவர் தம்பிக்கு உதவ வேண்டும் என்றால் வாடகையில்லாத வீடு ஏற்கெனவே பெரிய உதவி. அதற்கு மேல் மாதம் எவ்வளவு என்று ஒரு தொகை முடிவு செய்து, ஃபீஸுக்கு என்று சொல்லியே கொடுங்கள். போன 1,08,000-ஐ, அவர் சொன்ன அதே மாதம் 3,000 வீதம் உங்கள் கணக்குக்குத் திருப்பித் தரட்டும். மூன்று வருடம் ஆகும், வட்டி வேண்டாம். ஒரு மாதம் தரமுடியாமல் போனாலும் அது உங்கள் இருவருக்குள் நிற்கும், வீட்டைத் தொடாது.

மெயின்டனன்ஸ் பணம் மட்டும் உங்கள் கணக்கிலிருந்து சொசைட்டி கணக்குக்குப் போகட்டும், காலாண்டுக்கு ஒருமுறை, ஃபிளாட் எண்ணைக் குறிப்பிட்டு. பில்லும் ரசீதும் உங்கள் ஈமெயிலுக்கு வரவேண்டும் என்று அதே கடிதத்தில் எழுதுங்கள். அடுத்த பில் வந்ததும் இரண்டு இடத்தைப் பாருங்கள்: நான்-ஆக்குபன்சி சார்ஜை எடுத்துவிட்டார்களா, முந்தைய பாக்கியில் நீங்கள் மறுத்த 8,000-ஐத் தவிர வேறு ஏதாவது நிற்கிறதா. நின்றால், கட்டிய ரசீதோடு செயலாளருக்கு ஒரு நினைவூட்டல் கடிதம், அதற்கும் பதில் இல்லை என்றால் அந்தப் பகுதியின் கூட்டுறவுத் துணைப் பதிவாளருக்கு மனு.