என்.எச்.எஸ். பென்ஷனும் நெஸ்ட் பென்ஷனும்: நட்டம் வந்தால் யார் தலையில்?

"அக்கா, நான் குடியாத்தம். வேலூரில் நர்சிங் முடித்து இங்கிலாந்து வந்து, முதலில் ஒரு தனியார் முதியோர் இல்லத்தில் வேலை செய்தேன், இப்போது இங்குள்ள அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். அங்கே நெஸ்ட் என்ற பென்ஷன் திட்டத்துக்குக் கொஞ்சமாகப் பிடித்தார்கள், இங்கே பென்ஷனுக்கென்று மாதம் 224 பவுண்டு போகிறது. ஆறு வருஷத்தில் ஊருக்குத் திரும்பிவிடுவேன். இதிலிருந்து விலகிவிடலாமா? இரண்டும் ஒன்றுதானே, மார்க்கெட் விழுந்தால் பணம் போய்விடுமா?"

அன்புள்ள தங்கைக்கு,

விலக வேண்டாம். நெஸ்ட் பணம் சந்தையோடு ஏறி இறங்கும், என்.எச்.எஸ். பென்ஷன் அப்படி இறங்காது. இரண்டும் அடிப்படையிலேயே வேறு வேறு என்பதால், எது எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

நம் பக்கத்தில் நிலத்தைக் கட்டுக் குத்தகைக்கு விட்டவருக்கு, ஏரி நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் பேசிய மூட்டை வந்தாக வேண்டும். வாரத்துக்கு விட்டவருக்கோ விளைந்ததில்தான் பங்கு. வரையறுக்கப்பட்ட பலன் திட்டம், அதாவது டிஃபைன்ட் பெனிஃபிட், முதல் வகை. வரையறுக்கப்பட்ட பங்களிப்புத் திட்டம், அதாவது டிஃபைன்ட் கான்ட்ரிப்யூஷன், இரண்டாம் வகை. என்.எச்.எஸ். முன்னதைச் சேர்ந்தது, நெஸ்ட் பின்னதைச் சேர்ந்தது.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். மாதம் 224 பவுண்டு பிடித்தம் என்றால் 2025-26 விகிதப்படி 8.3 சதவீதம், ஆண்டுச் சம்பளம் ஏறக்குறைய 32,400 பவுண்டு. வருமான வரி கணக்கிடுவதற்கு முன்பே இது பிடிக்கப்படுவதால், நீங்கள் விலகினாலும் அந்த 224 முழுதும் கைக்கு வராது. இருபது சதவீத வரி போக சுமார் 179 பவுண்டுதான் கூடுதலாக வரும். அந்த 179-ஐ விட்டுக்கொடுப்பதற்கு ஈடாக, 2015-ஆம் ஆண்டுத் திட்டத்தின் விதிப்படி, ஒவ்வோர் ஆண்டும் அந்த ஆண்டுச் சம்பளத்தில் 54-இல் ஒரு பங்கு உங்கள் பெயரில் பென்ஷனாக எழுதப்படுகிறது. 32,400-ஐ 54-ஆல் வகுத்தால் 600. ஓராண்டு வேலைக்கு, ஓய்வு வயது தொடங்கி உயிருள்ளவரை ஆண்டுதோறும் 600 பவுண்டு என்பது அதன் பொருள். பணியில் இருக்கும்வரை அந்த 600 ஆண்டுதோறும் விலைவாசி உயர்வுக்கு மேல் 1.5 சதவீதம் கூடுகிறது, பணியை விட்டபின் விலைவாசி அளவுக்குக் கூடுகிறது. இந்தக் கணக்கில் பங்குச் சந்தை எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆறு ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பினால், இன்றைய மதிப்பில் ஆண்டுக்கு 3,600 பவுண்டுக்குச் சற்று மேலான பென்ஷன் உங்களுக்காகக் காத்திருக்கும். வரிச்சலுகை போக உங்கள் கையிலிருந்து சென்றது ஏறத்தாழ 12,900 பவுண்டு. பென்ஷன் வாங்கத் தொடங்கி நான்கு ஆண்டுகளுக்குள் போட்டது திரும்பிவிடும், அதன்பின் வருவதெல்லாம் நீங்கள் போடாத பணம். குடியாத்தத்தில் இருந்தபடியே வாங்கலாம், விலைவாசிக்கேற்ற உயர்வும் நிற்காது. (பிரிட்டிஷ் அரசு எல்லோருக்கும் தரும் ஸ்டேட் பென்ஷன் வேறு. இந்தியாவில் குடியிருப்பவர்களுக்கு அதில் ஆண்டு உயர்வு கிடையாது. இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.)

அப்படியானால் நட்டம் யார் தலையில்? என்.எச்.எஸ். திட்டத்துக்கென்று முதலீடு செய்த நிதி எதுவும் கிடையாது. இன்று பணியில் இருப்பவர்களும் மருத்துவமனைகளும் செலுத்தும் தொகையிலிருந்து இன்றைய ஓய்வூதியர்களுக்குக் கொடுக்கிறார்கள், பற்றாக்குறையை அரசுக் கருவூலம் ஏற்கிறது. உங்களுக்காக மருத்துவமனை செலுத்துவது சம்பளத்தில் ஏறக்குறைய 24 சதவீதம். நீங்கள் எதிர்பார்த்ததைவிட அதிக காலம் வாழ்ந்தாலும் அந்தச் செலவு அரசுடையது. தனியார் கம்பெனி நடத்தும் இதேவகைத் திட்டமென்றால் முதலீடு உண்டு, அது சரிந்தால் பள்ளத்தை நிரப்ப வேண்டிய கடமை கம்பெனியுடையது. கம்பெனியே திவாலானால் 2005 முதல் இயங்கும் பென்ஷன் பாதுகாப்பு நிதியம் பொறுப்பேற்கும். ஆனால் ஓய்வு வயதை எட்டாதவர்களுக்கு அது முழுத் தொகையும் தராது.

இனி நெஸ்ட். சட்டப்படி செலுத்த வேண்டிய குறைந்தபட்சம் சம்பளத்தில் எட்டு சதவீதம், அதில் உங்கள் பங்கு வரிச்சலுகையையும் சேர்த்து ஐந்து, முதலாளி பங்கு மூன்று. அதுவும் முழுச் சம்பளத்தின் மேல் அல்ல, 6,240 பவுண்டுக்கு மேற்பட்ட பகுதியின் மேல்தான். இதே 32,400 சம்பளத்துக்கு அந்த முதியோர் இல்லம் ஆண்டு முழுவதும் போட வேண்டியது வெறும் 785 பவுண்டு. இப்போது உங்களுக்காகப் போடப்படுவது 7,600-க்கு மேல்.

தொகையைவிட முக்கியமானது அதற்குப் பின் நடப்பது. இருவர் பங்கும் சேர்ந்த 2,093 பவுண்டு ஒரு ஃபண்டில் யூனிட்டுகளாக மாறுகிறது. முப்பது ஆண்டுகளில் விலைவாசிக்கு மேல் ஆண்டுக்கு மூன்று சதவீதம் வளர்ந்தால் இன்றைய மதிப்பில் சுமார் 5,080 ஆகும், ஒரு சதவீதமே வளர்ந்தால் 2,820-இல் நிற்கும். முதலாளி செலுத்த வேண்டியதைச் செலுத்தியதோடு அவர் கடமை முடிந்தது. இடையிலுள்ள இரண்டாயிரத்துச் சொச்சம் பவுண்டு கூடினாலும் குறைந்தாலும் அது முழுக்க உங்களுடையது, அந்தத் தொகை உங்கள் ஆயுள் வரை போதுமா என்ற கவலையும் உங்களுடையது. வளர்ச்சியின் அளவைப் போலவே சரிவு வரும் காலமும் உறுத்தும். முப்பது வயதில் வரும் சரிவு அப்போது மலிவாக யூனிட் வாங்க உதவும், ஓய்வு பெறும் ஆண்டில் வந்தால் ஈடுகட்ட நேரமிருக்காது. ஓய்வு நெருங்கும்போது பணத்தை அரசுக் கடன்பத்திரங்களுக்கு மாற்றுவது பாதுகாப்பு என்றுதான் பலரும் எண்ணியிருந்தார்கள். ஆனால் 2022-இல் வட்டி விகிதம் வேகமாக ஏறியபோது நீண்டகாலப் பத்திரங்களின் விலை கடுமையாக விழுந்து, ஓய்வுக்குத் தயாராக இருந்தவர்களையே அது தாக்கியது. நம் ஊரில் 2003 ஏப்ரலுக்குப் பின் பணியில் சேர்ந்த ஆசிரியர்கள் பழைய பென்ஷன் கேட்டுப் போராடியதன் உட்கருவும் இதுதான், முதுமையின் நிச்சயமின்மையை யார் சுமப்பது என்பது.

எந்தத் திட்டம் எது என்பதை உங்களுக்கு வரும் பென்ஷன் ஆண்டறிக்கையிலேயே கண்டுகொள்ளலாம். ஓய்வு வயதில் ஆண்டுக்கு இவ்வளவு பென்ஷன் என்று எழுதியிருந்தால் அது வாக்குறுதி. ஃபண்டின் பெயரும் இன்றைய மதிப்பும் எழுதியிருந்தால் அது உங்கள் முதலீடு.

என்.எச்.எஸ். திட்டத்தில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. உங்கள் வயதினருக்கு முழுப் பென்ஷன் 68 வயதில்தான், முன்கூட்டி வாங்கினால் குறைத்துத் தருவார்கள். இனிமேல் சேரப்போகும் பென்ஷனுக்கான விதிகளை அரசு மாற்றலாம், 2015-இல் அப்படித்தான் கடைசிச் சம்பளக் கணக்கை விட்டுச் சராசரிக் கணக்குக்கு வந்தார்கள். நீங்கள் இறந்தால் கணவருக்கு உங்கள் பென்ஷனில் மூன்றில் ஒரு பங்களவுதான் கிடைக்கும், நெஸ்டில் மீதமுள்ள பணமோ குடும்பத்துக்குப் போகும்.

மிகவும் கவனிக்க வேண்டியது இரண்டாண்டு எல்லை. அதற்குள் விலகினால் நீங்கள் போட்டது வரி போகத் திரும்பக் கிடைக்கும், மருத்துவமனை போட்ட பங்கு வராது. இரண்டாண்டு கடந்துவிட்டால் அந்தப் பென்ஷன் உங்கள் பெயரில் நின்றுவிடும், அதைத் தனியார் ஃபண்டுக்கு மாற்றவும் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆகவே, ஊருக்குப் போனபின் முழுத் தொகையையும் இப்போதே எடுத்துத் தருகிறேன் என்று யாராவது அழைத்தால் நம்பாதீர்கள். நெஸ்ட் பணத்தையும் இப்போதைக்கு 55 வயதுக்கு முன், 2028 ஏப்ரல் முதல் 57-க்கு முன், தொட முடியாது. அதை அப்படியே விட்டுவைத்து, கிளம்புவதற்கு முன் இரண்டு இடத்திலும் குடியாத்தம் முகவரியையும் சொந்த மின்னஞ்சலையும் பதிந்துவிட்டு, நேஷனல் இன்ஷூரன்ஸ் எண்ணை வீட்டுப் பத்திரங்களோடு சேர்த்து வையுங்கள்.