மேலே போகும் காற்று கீழே போகும் காற்றுக்காகக் காத்திருப்பதில்லை

கேள்வி: பதினோராம் வகுப்புப் படிக்கும் என் மகள், பள்ளி அறிவியல் கண்காட்சியில் விமானம் ஏன் பறக்கிறது என்று விளக்கப் போகிறாள். இறக்கையின் மேல்பக்கம் வளைந்திருப்பதால் மேலே போகும் காற்றுக்குத் தூரம் அதிகம். கீழே போன காற்றோடு மறுமுனையில் சேர வேண்டும் என்பதால் அது வேகமாக ஓடுகிறது. வேகம் கூடினால் அழுத்தம் குறையும். அதனால் விமானம் எழும்புகிறது. இப்படித்தான் குறிப்பு எழுதியிருக்கிறாள். காகிதத்தின் மேல் ஊதியும் காட்டுவாளாம். ஆனால் விமான சாகச வீடியோ ஒன்றில் விமானம் தலைகீழாகப் பறப்பதைப் பார்த்ததிலிருந்து, "அப்போ அது கீழே விழுந்திருக்கணுமே அப்பா?" என்று கேட்கிறாள். நான் என்ன சொல்ல?

பதில்: மகளின் சந்தேகத்தை விட்டுவிடாதீர்கள். அது சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. குறிப்பில் ஒரே ஒரு வரி தவறு, ஆனால் மற்றதெல்லாம் அந்த வரியின் மேல்தான் நிற்கிறது. "மறுமுனையில் சேர வேண்டும்" என்ற வரி அது.

இறக்கையின் முன்விளிம்பில் இரண்டாகப் பிரிகிற காற்று, பின்விளிம்பில் ஒரே நேரத்தில் சந்திக்க வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. அது சந்திப்பதும் இல்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஹோல்கர் பாபின்ஸ்கி, காற்றுச் சுரங்கத்தில் புகையை விட்டுவிட்டு அனுப்பி இதைப் படம் பிடித்துக் காட்டியிருக்கிறார். ஒன்றாகக் கிளம்பிய புகைக் கோடு இறக்கையில் பிளந்ததும், மேல் பாதி விறுவிறுவென்று முந்திப் போய்விடுகிறது. அது பின்விளிம்பைத் தாண்டும்போது கீழ்ப் பாதி இன்னும் இறக்கைக்கு அடியில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகும் இரண்டும் ஒன்றுசேர்வதில்லை.

ஆக, மேலே காற்று வேகமாகப் போகிறது என்பது உண்மை. வேகமான இடத்தில் அழுத்தம் குறைவு என்று பெர்னூலி சொன்னதும் இங்கே பொருந்தும். தூரம் அதிகம் என்பதால்தான் அந்த வேகம் வந்தது என்பதுதான் பொய். ஒரு கணக்குப் போட்டால் இது தெளிவாகிவிடும். பதினோராம் வகுப்பு மாணவி தானே போடக்கூடிய கணக்குதான்.

பயிற்சிப் பள்ளிகளில் ஓடும் நான்கு இருக்கை செஸ்னா 172 விமானத்தை எடுத்துக்கொள்வோம். ஆள், எரிபொருள் எல்லாம் சேர்த்து முழு எடை சுமார் 1,110 கிலோ. இறக்கையின் பரப்பு சுமார் 16 சதுர மீட்டர். வேகம் நொடிக்கு 60 மீட்டர் என்று வைப்போம். இந்த மாதிரி இறக்கையில் மேல்பக்க வளைவு கீழ்ப்பக்கத்தைவிட 2 சதவீதம்போலத்தான் நீளம். குறிப்பில் உள்ளபடி பார்த்தால் மேல் காற்று 2 சதவீதம் வேகமாக, அதாவது நொடிக்கு 61.2 மீட்டரில் போனால் போதும். பெர்னூலி சமன்பாட்டில் இதைப் போட்டால் அழுத்த வேறுபாடு ஏறக்குறைய 90 பாஸ்கல் வரும். அதை 16 சதுர மீட்டரால் பெருக்கினால், தூக்க முடிகிற எடை 150 கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. தேவையோ 1,110 கிலோ. அந்த விமானம் ஓடுபாதையை விட்டுக் கிளம்பவே கிளம்பாது. உண்மையில் மேலே காற்று இந்த 2 சதவீதத்தைவிட எவ்வளவோ கூடுதல் வேகத்தில் ஓடுகிறது என்பதுதான் இதற்கு அர்த்தம். அந்த வேகம் எங்கிருந்து வருகிறது?

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம். கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றினால், கல்லை உள்பக்கமாக இழுக்கும் விசை இருந்தால்தான் அது வளைந்து போகும். கயிறு அறுந்தால் நேரே ஓடிவிடும். காற்றும் அப்படித்தான். அது வளைந்து ஓட வேண்டுமென்றால் வெளிப்பக்கம் அழுத்தம் அதிகமாகவும் உள்பக்கம் குறைவாகவும் இருக்க வேண்டும். இறக்கை, மூக்கைச் சற்றுத் தூக்கிக்கொண்டு காற்றில் வருகிறது. அதன் மேல்பக்கம் பின்னால் போகப்போகக் கீழே சரிகிறது. மேலே வரும் காற்று நேரே போய்விட்டால் அந்தச் சரிவுக்கு மேல் வெற்றிடம் உண்டாகிவிடும். அப்படி ஆவதற்குள் அங்கே அழுத்தம் குறைகிறது, மேலே இருக்கும் காற்று அழுத்துகிறது, ஓட்டம் சரிவை ஒட்டியே வளைந்து இறங்குகிறது. முன்னாலிருந்து வரும் காற்றுக்கு எதிரே அழுத்தம் குறைந்த இடம் இருப்பதால், அது அதற்குள் பாய்ந்து வேகம் பிடிக்கிறது. வேகம் வந்தது இப்படித்தான். கீழ்ப்பக்கத்தில் காற்று இறக்கையால் கீழ்நோக்கித் திருப்பப்படுகிறது. அங்கே அழுத்தம் கொஞ்சம் கூடுகிறது. இந்த இரண்டு பக்க வேறுபாடுதான் தூக்குவிசை.

எவ்வளவு வேறுபாடு தேவை என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். நம் செஸ்னாவுக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 70 கிலோ. நம்மைச் சுற்றியுள்ள காற்று ஒவ்வொரு சதுர மீட்டரையும் 10,000 கிலோவுக்கு மேல் அழுத்திக்கொண்டிருக்கிறது. அதில் நூற்றில் ஒரு பங்குகூட வேண்டாம், விமானம் விழாமல் காற்றில் நிற்கும்.

இதையே நியூட்டன் வழியிலும் சொல்லலாம். இறக்கையின் இரண்டு பக்கமும் சேர்ந்து காற்றைக் கீழே தள்ளுகின்றன, எதிர்விசை விமானத்தை மேலே தாங்குகிறது. செஸ்னாவின் இறக்கை நுனிக்கு நுனி 11 மீட்டர். அந்த அகலத்தில் ஒரு வட்டம் போட்டு, நொடிக்கு 60 மீட்டர் நீளமுள்ள காற்று உருளை என்று தோராயமாகக் கணக்கிட்டால், ஒவ்வொரு நொடியும் 7 டன் காற்று இறக்கையின் பிடியில் சிக்குகிறது. அதை நொடிக்கு ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேலான வேகத்தில் கீழே திருப்பினால் போதும். நாம் சாதாரணமாக நடக்கிற வேகம்தான். பெர்னூலியா நியூட்டனா என்று சிலர் சண்டை போடுவார்கள். அதில் மகள் இறங்க வேண்டாம். இரண்டும் ஒரே நிகழ்ச்சியை இரண்டு இடத்தில் நின்று அளப்பதுதான். இறக்கையின் தோலில் நின்றால் அழுத்தம் தெரியும், பின்னால் நின்றால் கீழிறங்கும் காற்று தெரியும்.

நியூட்டன் பெயரிலும் ஒரு தவறான விளக்கம் உலவுகிறது. காற்று இறக்கையின் அடியில் மோதித் தெறிக்கிறது, மேல்பக்கத்துக்கு வேலையே இல்லை என்பது அது. அடுத்த முறை விமானத்தில் இறக்கையை ஒட்டிய ஜன்னல் இருக்கை கிடைத்தால், சக்கரம் தரையைத் தொட்ட நொடியில் இறக்கையைப் பாருங்கள். மேல்பக்கத்தில் சில பலகைகள் சடாரென்று எழுந்து நிற்கும். ஸ்பாய்லர் என்று பெயர். அவை மேல்பக்க ஓட்டத்தைக் கெடுக்கின்றன, தூக்குவிசை போய்விடுகிறது, விமானத்தின் எடை சக்கரத்தில் இறங்கி பிரேக் பிடிக்கிறது. மேல்பக்கத்துக்கு வேலை இல்லையென்றால் அந்தப் பலகைகளுக்கும் வேலை இருக்காது.

சரி, தலைகீழ் விமானத்துக்கு வருவோம். காற்று எதிரே வரும் திசைக்கும் இறக்கைக்கும் இடையிலுள்ள கோணத்தைத் தாக்கு கோணம் என்போம். இறக்கையின் வடிவத்தைவிடத் தூக்குவிசையை ஆள்வது இந்தக் கோணம்தான். தலைகீழாகப் பறக்கும் விமானி, மூக்கை வானத்தை நோக்கி வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தூக்கிப் பிடிக்கிறார். கவிழ்ந்த இறக்கையும் அந்தக் கோணத்தில் காற்றைக் கீழே திருப்புகிறது. மேல்பக்க வளைவு, சாதாரணமாகப் பறக்கும்போது வேலையைச் சிக்கனமாக முடிக்கிறது; கவிழ்ந்தால் அந்தச் சிக்கனம் போய்விடும், அவ்வளவுதான். சாகசத்துக்கென்றே செய்த பல விமானங்களில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் வளைந்திருக்கும். குறிப்பின்படி பார்த்தால் அவை பறக்கவே கூடாது. காகித விமானமும் கூடாது.

கோணத்தைக் கூட்டக் கூட்ட தூக்குவிசையும் கூடும், ஆனால் ஓர் எல்லை வரைதான். பெரும்பாலான இறக்கைகளுக்கு அது 15 டிகிரி பக்கம். அதைத் தாண்டினால் மேல்பக்கக் காற்றால் சரிவை ஒட்டி வளைய முடிவதில்லை, பிய்த்துக்கொண்டு சுழலாகிவிடுகிறது. தூக்குவிசை சரிகிறது. இதுதான் ஸ்டால். எஞ்சின் நின்றுபோவதை ஸ்டால் என்று பலர் நினைப்பதால், எஞ்சின் நின்றால் விமானம் கல்லைப்போல விழும் என்ற பயமும் கூடவே வருகிறது. 1983 ஜூலை 23 அன்று கனடாவில் ஒரு போயிங் 767, எரிபொருளை பவுண்டிலும் கிலோவிலும் குழப்பிக் கணக்கிட்டதால், நடுவானில் இரண்டு எஞ்சினும் நின்றுபோனது. விமானிகள் மூக்கைச் சற்றுத் தாழ்த்திச் சறுக்கியபடியே ஓட்டி, கிம்லி என்ற இடத்தின் பழைய ஓடுபாதையில் இறக்கினார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை. இதற்கு நேர்மாறு 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக் கடலில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447. வேகம் காட்டும் குழாய்களில் பனிக்கட்டி அடைத்து அளவீடு குழம்பியது. மூக்கு தூக்கியே பிடிக்கப்பட்டது. தாக்கு கோணம் எல்லையை வெகுவாகத் தாண்டிவிட்டது. எஞ்சின்கள் கடைசிவரை ஓடிக்கொண்டுதான் இருந்தன. 228 பேர் இறந்தார்கள்.

இனி கண்காட்சி. காகிதத்தில் ஊதுவதை அப்படியே வைத்துக்கொள்ளலாம், ஆனால் இரண்டு விதமாகச் செய்யச் சொல்லுங்கள். உதட்டுக்குக் கீழே பிடித்து, முன்னால் வளைந்து தொங்கும் காகிதத்தின் மேல் ஊதினால் அது எழும்பும். பிறகு அதே காகிதத்தை நேராகக் கீழே தொங்கவிட்டு, ஒரு பக்கத்தை ஒட்டினாற்போல் மேலிருந்து கீழே ஊதச் சொல்லுங்கள். அந்தப் பக்கமும் காற்று வேகமாகத்தான் போகிறது, ஆனால் காகிதம் அந்தப் பக்கம் போகாது. வேகம் மட்டும் காரணமாக இருந்தால் போயிருக்க வேண்டும். முதல் முறை வேலை செய்தது வளைவு.

அப்புறம் இதைவிட நல்ல சோதனை ஒன்று. சமையலறை டிஜிட்டல் தராசு, டேபிள் ஃபேன், 30க்கு 10 சென்டிமீட்டர் அளவில் வெட்டிய தட்டையான அட்டை போதும். கனமான அடிக்கட்டையில் இரண்டு குச்சிகளை நட்டு, அவற்றின் உச்சியில் அட்டையைப் பொருத்தித் தராசில் வையுங்கள். தராசின் மேல் காற்று படாதபடி முன்னால் ஒரு தடுப்பு வைக்க வேண்டும். மறந்தால் எண்கள் ஆடும். அட்டையைக் காற்றோட்டத்துக்கு இணையாக வைத்துத் தராசைப் பூஜ்யமாக்குங்கள். கோணத்தை 5 டிகிரி, 10 டிகிரி என்று கூட்டினால் தராசு சில கிராம் குறைத்துக் காட்டும். ஃபேன் வேகமாக இருந்தால் பத்துப் பதினைந்துகூட ஆகலாம். அட்டை தட்டை, இரண்டு பக்கமும் ஒரே நீளம், ஆனாலும் தூக்குகிறது. கோணத்தை மேலும் கூட்டினால் ஓரிடத்துக்குப் பிறகு எண் முன்போல ஏறாது. அந்த இடம் எதுவென்று பார்ப்பவர்களுக்குத் தெரிய, அட்டையின் மேல்பக்கம் நாலைந்து சிறு நூல் துண்டுகளை ஒட்டிவிடுங்கள். சின்னக் கோணத்தில் பெரும்பாலும் பின்னோக்கிப் படிந்து கிடக்கும் நூல், எல்லை தாண்டியதும் தாறுமாறாகத் துள்ளி, சில சமயம் முன்பக்கமாகவே புரளும்.