கேழ்வரகு, எள், கீரை: பாலுக்கு ஈடாகுமா?

கேள்வி: பால் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை, அதனால் தினமும் குடித்துவந்த இரண்டு டம்ளரையும் நிறுத்திவிட்டேன். கேழ்வரகில் பாலைவிட மூன்று மடங்கு கால்சியம் இருக்கிறது, எள்ளில் பத்து மடங்கு, கீரையிலும் நிறைய என்று படித்தேன். இவை போதுமா? இதெல்லாம் உண்மையில் உடம்பில் சேருமா?

பதில்:

போதுமானதாக ஆக்கிக்கொள்ள முடியும். ஆனால் எந்தக் கீரை, எந்த எள் என்பதில் கவனம் வேண்டும். அதைச் சரியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால், அட்டவணையில் பாலைவிட அதிகமாகத் தெரியும் உணவைச் சாப்பிட்டும் உடலுக்குப் போய்ச் சேர்வது மிகக் குறைவாக இருக்கும். உணவியல் ஆலோசனை என் தொழில் என்பதால் இந்தக் கேள்வியை அடிக்கடி எதிர்கொள்கிறேன். பெரும்பாலானவர்கள் மூன்று மடங்கு, பத்து மடங்கு என்ற எண்களோடு நின்றுவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையான கவலை.

முதலில் அந்த மடங்குக் கணக்கைப் பார்ப்போம். 100 கிராம் பசும்பாலில் ஏறத்தாழ 120 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 360. மூன்று மடங்கு என்பது இதிலிருந்து வந்ததுதான், பொய் இல்லை. ஆனால் பாலில் பெரும்பகுதி தண்ணீர், கேழ்வரகு உலர்ந்த தானியம். 200 மில்லி பாலை ஒரே மூச்சில் குடித்துவிடலாம். ஒரு வேளைக் கஞ்சிக்குப் போகும் மாவோ 30 கிராம்தான். அந்தக் கஞ்சியில் 110 மில்லிகிராமும் டம்ளர் பாலில் 240 மில்லிகிராமும் இருக்கும். எள்ளிலும் இதே கதைதான். 100 கிராமில் 1200 மில்லிகிராமுக்கு மேல் இருந்தாலும் 100 கிராம் எள்ளை யாரும் ஒரு நாளில் சாப்பிடப் போவதில்லை.

அடுத்தது உறிஞ்சப்படும் அளவு. பாலில் உள்ள கால்சியத்தில் ஏறத்தாழ 30 சதவீதத்தை மட்டுமே குடல் எடுத்துக்கொள்கிறது. பாலின் கால்சியம் முழுவதும் சேர்ந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். ஆகவே நாம் ஒப்பிட வேண்டியது இந்த 30 சதவீதத்தோடுதான், நூறோடு அல்ல.

கீரைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரிய ஏமாற்றமும் பெரிய வாய்ப்பும் அங்கேதான் இருக்கின்றன. 1988இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ராபர்ட் ஹீனி, கோனி வீவர் ஆகியோர் உடலுக்குள் தடம் பிடிக்கக்கூடிய கால்சியத்தின் ஐசோடோப்பை உள்வாங்கி வளர்ந்த பாலக் கீரையைத் தன்னார்வலர்களுக்குக் கொடுத்து, குடல் எடுத்துக்கொண்ட பங்கை அளந்தார்கள். பாலிலிருந்து சுமார் 28 சதவீதம் சேர்ந்தது, பாலக்கிலிருந்து 5 சதவீதம்தான். இரண்டு ஆண்டுகள் கழித்து கேல் என்ற கீரையை அதே முறையில் சோதித்தபோது 41 சதவீதம் சேர்ந்தது. அந்தச் சோதனையில் பாலின் அளவு 32. இரண்டும் பச்சை இலைகள்தான், இருந்தும் ஒன்று பாலை மிஞ்சியது, மற்றொன்று பாலின் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை.

வேறுபாட்டுக்குக் காரணம் ஆக்சலிக் அமிலம். கால்சியத்தோடு சேர்ந்தால் அது கால்சியம் ஆக்சலேட் என்ற, கரைவதற்கு மிகக் கடினமான படிகமாகிவிடுகிறது. கரையாத பொருளைக் குடல் எடுத்துக்கொள்வது அரிது. இதைத் தோராயமாகக் கணக்கிட எளிய வழி உண்டு. 100 மில்லிகிராம் ஆக்சலிக் அமிலம் சுமார் 45 மில்லிகிராம் கால்சியத்தைக் கட்டிப்போடும். கீரையின் ஆக்சலிக் அமில அளவை 0.45ஆல் பெருக்கி, கால்சியத்திலிருந்து கழித்தால் கட்டுப்படாமல் மீதமிருப்பது தெரியும்.

தண்டுக்கீரை, சிறுகீரை போன்ற கீரைத்தண்டு இனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிராமில் கால்சியம் சுமார் 330 மில்லிகிராம், ஆக்சலிக் அமிலம் 770 மில்லிகிராம் அளவுக்கு. 770ஐ 0.45ஆல் பெருக்கினால் 346. அதாவது இருக்கும் கால்சியம் முழுவதையும் கட்டிப்போட அதுவே போதும். முருங்கைக்கீரையில் கால்சியம் ஏறத்தாழ அதே அளவு, 314. ஆக்சலிக் அமிலமோ 100 மில்லிகிராம் அளவில்தான். கட்டுப்படுவது 45, மீதம் 270. கால்சியம் பட்டியலில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு கீரைகள் உடலுக்குள் போனதும் இவ்வளவு தூரம் விலகிவிடுகின்றன. வெந்தயக்கீரையும் ஆக்சலிக் அமிலம் குறைந்த பக்கத்தில்தான் சேரும். மண், பருவம், இலையின் முற்றல் ஆகியவற்றைப் பொறுத்து இந்த அளவுகள் கணிசமாக மாறும் என்பதால், எந்தக் கீரை எந்தப் பக்கம் என்று அறிய மட்டும் இந்தக் கணக்கைப் பயன்படுத்துங்கள்.

கீரையை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் சரியாகிவிடுமா என்று கேட்பார்கள். கரையக்கூடிய ஆக்சலேட்டின் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு போகும். ஆனால் இலைக்குள் ஏற்கெனவே படிகமாகிவிட்ட கால்சியம் கொதிநீரில் விடுபடாது. பாலக்கை எவ்வளவு வேகவைத்தாலும் அதைக் கால்சியத்துக்கான கீரையாக மாற்ற முடியாது. சிறுநீரகக் கல் வரும் இயல்பு உள்ளவர்களுக்குத்தான் அந்தத் தண்ணீரைக் கொட்டுவது பெரிதும் பயன்படும். பாலக்கையும் தண்டுக்கீரையையும் விட்டுவிடச் சொல்லவில்லை. ஃபோலேட்டுக்கும் நார்ச்சத்துக்கும் தாராளமாகச் சாப்பிடுங்கள், கால்சியக் கணக்கில் மட்டும் எழுதாதீர்கள்.

கேழ்வரகில் ஆக்சலிக் அமிலம் குறைவு. அங்கே தடையாக இருப்பது தானியங்களில் கால்சியத்தைப் பிடித்துவைக்கும் ஃபைட்டேட் என்ற பொருள், ஓரளவுக்கு மேல்தோலின் துவர்ப்புப் பொருள்களும். ஃபைட்டேட்டின் பிடி ஆக்சலேட் அளவுக்கு இறுக்கமானதல்ல, அதைத் தளர்த்தவும் முடியும். தானியம் முளைக்கும்போது விதைக்குள் இருக்கும் ஃபைட்டேஸ் என்ற நொதி விழித்துக்கொண்டு ஃபைட்டேட்டை உடைக்கத் தொடங்குகிறது. இரவு முழுவதும் ஊறவைத்து, நீரை வடித்து, ஈரத்துணியில் ஒன்று அல்லது இரண்டு நாள் முளைகட்டி, உலர்த்தி அரைத்த மாவு இதனால்தான் மேலானது. மாவைக் கரைத்துப் புளிக்கவைப்பதும் அதே திசையில் உதவும். கேழ்வரகின் கால்சியம் பெரும்பாலும் மேல்தோலை ஒட்டியே இருக்கிறது. மாவு மென்மையாக வேண்டும் என்று நுண்சல்லடையில் சலித்துத் தவிட்டை எறிந்தால் கால்சியத்தையும் சேர்த்தே எறிகிறோம். கேழ்வரகிலிருந்து உடலில் சேர்வதை ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் மிகைப்படுத்தாத கணக்காக இருக்கும்.

எள்ளில் பார்க்க வேண்டியது தோல். கால்சியமும் ஆக்சலேட்டும் இரண்டுமே பெரும்பாலும் தோலில்தான் இருக்கின்றன. தோல் நீக்கிய எள்ளில் 100 கிராமுக்கு 60 மில்லிகிராம் அளவே மிஞ்சும். தோலுள்ள எள்ளில் இருப்பதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. தோல் நீக்கியது ஒரே சீரான பளிச்சென்ற வெண்மையில், விரலால் நசுக்கினால் மெத்தென்று இருக்கும். தோலுள்ள வெள்ளை எள் மங்கலாக, சற்றே பழுப்பேறி, சொரசொரப்பாக இருக்கும். கறுப்பு எள்ளில் குழப்பமில்லை, கறுப்பு நிறமே தோலில் இருப்பதுதான். தோல் நீக்கிய எள்ளில் அளவிட்டபோது சுமார் 20 சதவீதம் சேர்ந்தது. தோலுள்ள எள்ளுக்கும் அதையே தோராயமாக வைத்துக்கொள்கிறேன், தோலின் ஆக்சலேட்டால் அது இதைவிடக் குறையலாம். இன்னொன்று, எள்ளைப் பொடித்தோ அரைத்தோ சாப்பிட வேண்டும். முழு எள்ளை மேலே தூவிச் சாப்பிட்டால் பல்லில் அகப்படாதவை செரிக்காமல் அப்படியே வெளியேறிவிடும்.

இனி உங்கள் இரண்டு டம்ளருக்கு வருவோம். 400 மில்லி பாலில் 480 மில்லிகிராம், அதில் 30 சதவீதம் சேர்ந்தால் சுமார் 145. இதுதான் நீங்கள் ஈடுசெய்ய வேண்டிய அளவு. நாளொன்றுக்கு 60 கிராம் கேழ்வரகு மாவு சாப்பிட்டால் 218 மில்லிகிராம், ஐந்தில் ஒரு பங்கு சேர்ந்தால் 44. தோலோடு பொடித்த எள் 15 கிராம், அதாவது குவித்த ஒன்றரை மேசைக்கரண்டி, சுமார் 190 மில்லிகிராம், சேர்வது 38. உருவிய முருங்கை இலை 75 கிராம், 235 மில்லிகிராம். இதற்குப் பாலைவிடக் குறைத்து 25 சதவீதம் என்றே வைத்துக்கொள்கிறேன், 59 வரும். மூன்றும் சேர்ந்து 141. பால் விட்ட இடம் ஏறக்குறைய நிரம்பிவிட்டது. இதே பட்டியலில் முருங்கைக்குப் பதிலாகப் பாலக் போட்டால் அந்த 59 வெறும் 3 ஆகிவிடும். தோல் நீக்கிய எள்ளையும் சேர்த்தால் மொத்தம் ஐம்பதைத் தாண்டாது. சாப்பிட்டவருக்கு வித்தியாசமே தெரியாது.

இவற்றை ஒரே வேளையில் குவிக்காமல் காலை, மதியம், இரவு என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் வரும் கால்சியம் கூடக்கூட, குடல் எடுத்துக்கொள்ளும் விகிதம் குறையும். வைட்டமின் டி போதாமல் இருந்தால் மேலே சொன்ன எல்லாச் சதவீதங்களும், பாலுடையது உட்பட, சரிந்துவிடும். அந்த அளவை ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது.

பால் ஒத்துக்கொள்ளாததற்குப் பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸ் காரணம் என்றால் தயிரை முயன்று பாருங்கள். புளிக்கும்போது லாக்டோஸ் ஓரளவு குறைகிறது, கால்சியம் குறைவதில்லை, பலருக்குத் தயிர் தொந்தரவு தருவதில்லை. பால் புரத ஒவ்வாமை என்றால் தயிரும் கூடாது. ஏற்கெனவே கால்சியம் ஆக்சலேட் கல் வந்தவராக இருந்தால் எள்ளின் அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள்.

சில மாதம் கழித்து ரத்தத்தில் கால்சியம் பார்த்து, சரியாக இருக்கிறது என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். உணவில் குறைந்தால் பாராதைராய்டு ஹார்மோன் எலும்பிலிருந்து எடுத்து ரத்தத்தின் அளவைச் சமன்செய்துவிடும். உணவில் பற்றாக்குறை ஆண்டுக்கணக்கில் இருந்தும் அந்த அறிக்கை இயல்பாகவே வரலாம். மாதவிடாய் நின்றவர், முதியவர், ஸ்டீராய்டு மாத்திரை நெடுநாள் எடுத்தவர் ஆகியோர் எலும்பின் நிலையை அறிய மருத்துவர் சொல்லும் எலும்பு அடர்த்தி ஸ்கேன்தான் எடுக்க வேண்டும்.